படம் வந்திருக்கிறது, கேள்வி வரவில்லை

புடவை கட்டி நிற்கும் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வருகிறது. கீழே ஓர் எழுத்துகூட இல்லை. அனுப்பியவர் தங்கையாக இருக்கலாம், அண்ணியாக இருக்கலாம், கல்லூரித் தோழியாக இருக்கலாம். பார்த்தவுடன் பதில் மூன்று பக்கமாகப் பிரிகிறது. ‘சூப்பரா இருக்கு’ என்று போடலாம். ‘கொசுவம் ஒரு பக்கமா இழுக்குது பாரு’ என்று எச்சரிக்கலாம். ‘பின்னாடி ஜன்னல் இருக்கு, முகம் இருட்டடிச்சிருக்கு, திரும்பி நின்னு எடு’ என்று யோசனை சொல்லலாம்.

மூன்றுமே அக்கறையில் வருபவைதான். ஆனால் இரண்டு நல்ல வார்த்தைக்காகக் காத்திருப்பவரிடம் கொசுவத்தைப் பற்றிப் பேசினால் அவருக்குப் புடவையே வெறுத்துப்போகிறது. கொசுவம் சரியாக விழுந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நினைத்தவருக்கு ‘சூப்பர்’ மட்டும் போனால், அவர் கோணல் கொசுவத்தோடு மண்டபத்தில் போய் நிற்கிறார். அடுத்த நாள் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, ‘நீயாவது சொல்லியிருக்கலாமே’ என்கிறார்.

கேள்வியை எழுதிவிட்டால் இந்தச் சங்கடம் இல்லையே, ஏன் எழுதுவதில்லை? பேச்சை ஆராயும் சமூகவியலில் இதற்கு ஒரு நல்ல விளக்கம் இருக்கிறது. ஹார்வி சாக்ஸ், இமானுவல் ஷெக்லாஃப் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், அன்றாடப் பேச்சு ஜோடி ஜோடியாக நடக்கிறது என்று காட்டினார்கள். கேள்வி என்றால் பதில், அழைப்பு என்றால் ஏற்பு அல்லது மறுப்பு. முதல் பாதியைக் கேட்டவுடனே இரண்டாம் பாதி என்ன வகை என்று தெரிந்துவிடும். சொல்லில்லாத படமும் ஒரு முதல் பாதிதான். ஆனால் அது எந்த ஜோடியைச் சேர்ந்தது என்று அதில் எழுதியிருப்பதில்லை.

அதே துறையைச் சேர்ந்த அனிதா பொமரான்ட்ஸ் 1978-இல் பாராட்டைப் பற்றி எழுதிய கட்டுரை இன்னொரு முடிச்சை அவிழ்க்கிறது. பாராட்டு வந்தால் அதை மறுக்கக் கூடாது. அதே நேரம் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் பாராட்டைக் குறைத்துப் பேசியோ வேறு பக்கம் திருப்பியோ தப்பிக்கிறார். நம் வீடுகளில் இதை நாள்தோறும் கேட்கிறோம். ‘புடவை அழகா இருக்குடி’ என்றால், ‘அட, இது பழசு, பீரோவுல சும்மா கெடந்துச்சு’ என்பதுதான் பதில். வந்த பாராட்டை வாங்கிக்கொள்ளவே இவ்வளவு கூச்சம் என்றால், அதை வாய்விட்டுக் கேட்பது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். அதனால்தான் படம் மட்டும் வருகிறது. அனுப்பியவர் எதையும் கேட்கவில்லை, ஆகவே மறுக்கப்படவும் மாட்டார். இந்த மௌனம் அவருக்கு ஒரு பாதுகாப்பு. அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்பவர்கள் தவறாகப் படிக்கிறார்கள்.

ஆனால் கேள்வி எங்கேயும் இல்லை என்றும் சொல்ல முடியாது. பெரும்பாலும் அது படத்துக்குள்ளேயே இருக்கிறது.

கேமரா எங்கே இருந்தது?

முதலில் பார்க்க வேண்டியது, அனுப்பியவர் எதைச் சட்டத்துக்குள் வைத்தார், எதை வெளியே விட்டார் என்பதை. ஆளுயரக் கண்ணாடி முன் நின்று, தலை முதல் கால் வரை தெரியும்படி எடுத்திருக்கிறார், முகத்தைப் போன் பாதி மறைக்கிறது, அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை என்றால், கேள்வி உடையைப் பற்றியது. முகம் நன்றாக விழுந்ததா என்று கேட்க நினைப்பவர் முகத்தை மறைத்துக்கொள்ள மாட்டார். கையை நீட்டி முன் கேமராவில் எடுத்தது, தோளுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது, பொட்டும் பூவும் வைத்தாயிற்று என்றால், அது ஆளைப் பற்றியது. அங்கே கழுத்துப்பட்டையின் சுருக்கத்தைச் சுட்டிக்காட்டுவது பொருத்தமில்லாத பதில்.

ஒரே ஆள், ஒரே இடம், இரண்டு படங்கள். ஒன்றில் ஜிமிக்கி, மற்றொன்றில் தோடு. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, ‘எது?’ என்பதுதான் கேள்வி. இதற்கு ‘ரெண்டும் நல்லா இருக்கு’ என்று சொல்வது பதிலே ஆகாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும், கூடவே ஒரு காரணமும் வேண்டும்.

புகைப்படத்தைப் பற்றிய கேள்விக்கு வேறு அடையாளங்கள் உண்டு. ஒரே நிலையில் நான்கைந்து படங்கள் வரும். பின்னணி மங்கலாக்கப்பட்டிருக்கும். செடியோ சுவரோ கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். புதுப் போன் வாங்கிய வாரமாகவும் இருக்கும். அவர் மனத்தில் ஓடுவது, ‘இதில் எதை முகப்புப் படமாக வைக்கலாம்?’ என்பது. அங்கே ‘மூணாவது படத்துல கண்ணுல வெளிச்சம் அழகா விழுந்திருக்கு’ என்றால் அவர் தேடியது கிடைத்துவிடும்.

இனி எதை மாற்ற முடியும்?

சட்டத்தைப் பார்த்தபின்னும் ஐயம் தீரவில்லை என்றால், நேரத்தைப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான அடையாளம் வேறில்லை. அனுப்பியவரின் கையில் இன்னும் என்ன முடிவு மிச்சமிருக்கிறது என்று படமே காட்டிக்கொடுத்துவிடும்.

சுடிதாரின் கழுத்தோரம் விலை அட்டை தொங்குகிறது, பின்னால் உடைமாற்றும் அறையின் திரை தெரிகிறது என்றால், அவர் பில் போடுவதற்கு முன் கேட்கிறார். அங்கே வெளிப்படையான கருத்துதான் உதவி. தோள் இறங்கியிருக்கிறது, நீளம் போதாது, இதே நிறத்தில் ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கிறாய் என்று எல்லாவற்றையும் சொல்லலாம். பாராட்டி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்தபின் குறை சொல்பவர்களைத்தான் யாரும் மன்னிப்பதில்லை.

வீட்டு அறை, தலை இன்னும் பின்னவில்லை, காலில் ரப்பர் செருப்பு, கட்டிலில் இன்னும் இரண்டு புடவை பிரித்துக் கிடக்கிறது என்றால், கிளம்ப நேரம் இருக்கிறது. இங்கேயும் யோசனை சொல்லலாம். ஆனால் அரை மணிக்குள் செய்து முடிக்கக்கூடிய யோசனையாக இருக்க வேண்டும். முந்தியை ஒரு சாண் ஏற்றிக் குத்தலாம், செயினை மாற்றலாம். ‘இந்த பிளவுஸே வேற மாதிரி தைச்சிருக்கணும்’ என்பது அந்த நேரத்தில் யாருக்கும் பயன்படாது.

பின்னால் வாழைமரமும் சீரியல் விளக்கும் தெரிகின்றன, பக்கத்தில் சித்தி நிற்கிறார், கையில் சந்தனப் பேலா என்றால், அவர் மண்டபத்துக்கே போய்விட்டார். இனி உடையைப் பற்றிய முடிவு ஒன்றும் பாக்கி இல்லை. அங்கே பாராட்டு மட்டும்தான் சரி. ஒரு விதிவிலக்கு உண்டு: ஒரே நிமிடத்தில் சரிசெய்துகொள்ளக்கூடிய குறை. பல்லில் லிப்ஸ்டிக், நழுவிய பொட்டு, வெளியே தெரியும் உள்ளாடைப் பட்டி, புடவை ஓரத்தில் திரும்பிக்கொண்டு தெரியும் ஃபால். இவற்றை உடனே சொல்லிவிட வேண்டும், தனியாகச் சொல்ல வேண்டும். குடும்பக் குழுவில் வந்த படமாக இருந்தாலும் இந்தப் பதில் குழுவில் போகக் கூடாது.

போன் செய்யும் மாற்றங்கள்

கருத்துச் சொல்லுமுன் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. நாம் பார்ப்பது அவரை அல்ல, அவருடைய போன் கொடுத்த ஒரு வடிவத்தை. அந்தப் போனின் குறையை அவருடைய உடம்பின்மேலோ புடவையின்மேலோ ஏற்றிவிடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன்.

தூரத்தை எடுத்துக்கொள்வோம். கை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்குக்கும் காதுக்கும் கேமராவிலிருந்து உள்ள தூரம் பெரிதும் வேறுபடுகிறது. அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழுகிறது. அமெரிக்க முக அறுவை மருத்துவர் போரிஸ் பாஸ்கோவரும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 12 அங்குலத் தொலைவில் எடுத்த படத்தில், 5 அடித் தொலைவில் எடுத்ததைவிட மூக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு அகலமாகத் தெரியும். செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சிறிதாக்கச் சொல்லி வருபவர்களைப் பார்த்துத்தான் அவர் இந்தக் கணக்கில் இறங்கினார்.

கண்ணாடிப் படத்தில் இந்தக் கோளாறு குறைவு. கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால், ஒளி போய்த் திரும்பி இரண்டு மீட்டர் கடக்கிறது. அதனால் முக அளவுகளை நம்பலாம். ஆனால் கண்ணாடி சுவரோடு ஒட்டாமல் மேல்பக்கம் பின்னால் சாய்ந்திருந்தால் கால்கள் நீளமாகவும் உடல் மெலிந்தும் தெரியும். போனை முகத்துக்கு நேரே தூக்கிக் கீழ்நோக்கிச் சாய்த்தால் தலை பெருத்துக் கால் குட்டையாகும். இதைக் கண்டுபிடிக்கக் கதவுச் சட்டத்தைப் பார்த்தால் போதும். நிலைக்கால் இரண்டும் கீழே நெருங்கியோ மேலே நெருங்கியோ ஓடினால், படத்திலுள்ள உயரமும் பருமனும் அவருடையவை அல்ல.

எது கண்ணாடிப் படம், எது நேர்ப்படம் என்பதே சில நேரம் குழப்பும். புடவையில் அதற்கு எளிய வழி இருக்கிறது. முந்தி இடது தோளில் விழும். படத்தில் அது நமக்கு இடப்பக்கம் தெரிந்தால், அது கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்ட படம். வலப்பக்கம் தெரிந்தால் நேர்ப்படம். குஜராத்திக் கட்டுக்கு மட்டும் இது பொருந்தாது. இந்தப் புரளலுக்கு ஒரு விளைவும் உண்டு. 1977-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மிட்டா, டெர்மர், நைட் என்ற மூவர், பெண்களின் புகைப்படத்தை நேராகவும் இடவலம் மாற்றியும் அச்சிட்டுக் காட்டினார்கள். படத்திலிருந்தவர்களுக்குக் கண்ணாடியில் தெரிவதுபோன்ற படம் பிடித்தது. அவர்களுடைய நண்பர்களுக்கோ நேர்ப்படம் பிடித்தது. அவரவருக்குப் பழகிய முகம் எதுவோ அதுவே அழகாகத் தெரிகிறது. ஆகவே, வேறொருவர் எடுத்த படத்தை அனுப்பிவிட்டுச் சற்று நேரம் கழித்து ‘என் முகம் கோணலா விழுந்திருக்குல்ல?’ என்று தங்கை கேட்டால், அவளுக்கு அது உண்மையாகவே கோணலாகத்தான் தெரிகிறது. நமக்கு அப்படித் தெரியாது. ஐபோனில் கேமரா அமைப்புகளுக்குள் இருக்கும் Mirror Front Camera என்பதை இயக்கினால், முன் கேமராப் படம் அவளுக்குப் பழகிய பக்கமே பதிவாகும்.

நிறம்தான் எல்லாவற்றிலும் மோசமாக ஏமாற்றும். 2015 பிப்ரவரியில் உலகத்தையே இரண்டாகப் பிரித்த அந்த உடைப் படம், இப்படிக் குடும்பத்துக்குள் அனுப்பப்பட்ட ஒன்றுதான். ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் நடக்கவிருந்த கல்யாணத்துக்குத் தான் அணியப்போகும் உடையைக் கடையில் படமெடுத்து, மணப்பெண்ணுக்கு அவள் தாய் அனுப்பினார். அது நீலத் துணியில் கறுப்பு லேஸ். மணமக்கள் இருவருக்குமே நிறத்தில் ஒத்துப்போகவில்லை. ஒருவருக்கு நீலம் கறுப்பு, ஒருவருக்கு வெள்ளை பொன். பிறகு அது டம்ப்ளரில் ஏறி ஊர் முழுக்கச் சண்டையானது. அதே ஆண்டு ‘கரன்ட் பயாலஜி’ ஆய்விதழில் வெளியான ஆய்வு ஒன்றில், 1,401 பேரில் 57 விழுக்காட்டினர் நீலம் கறுப்பு என்றும் 30 விழுக்காட்டினர் வெள்ளை பொன் என்றும் சொன்னார்கள். படத்திலிருந்து அந்த அறையின் வெளிச்சம் என்னவென்று தெரியவில்லை. அதனால் ஒவ்வொருவர் மூளையும் ஒரு வெளிச்சத்தைத் தானே ஊகித்துக்கொண்டு, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை நிறமாகக் காட்டியது.

பட்டில் இது இன்னும் சிக்கல். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த டபுள் ஷேட் புடவை, மடிப்பு திரும்பத் திரும்ப நிறம் மாறும். மயில் கழுத்துப் புடவையின் படத்தில் நீலம் மட்டும் விழுந்து பச்சை காணாமல் போவது சாதாரணம். சட்டம் முழுக்க ஒரே நிறப் புடவை நிறைந்திருந்தால், அறையின் வெளிச்சமே அந்த நிறம் என்று போன் நினைத்து அதைக் குறைத்துவிடும். மாம்பழ மஞ்சள் சோகையாக வருவது இப்படித்தான். பிளவுஸ் மேட்சிங் பார்ப்பவர்கள் துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பதன் காரணமும் இதுவே. இரண்டு வெவ்வேறு சாயங்கள் கடை விளக்கில் ஒன்றாகவும் பகல் வெளிச்சத்தில் வேறாகவும் தெரியலாம். ஆகவே ‘பிளவுஸ் மேட்ச் ஆகலையே’ என்று படத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது. படத்தில் தெரியும் வெள்ளைச் சுவரைப் பார்க்க வேண்டும். சுவரே மஞ்சளித்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் துணியின் நிறத்தைப் பற்றி வாயைத் திறக்காமல், ‘வாசல் வெளிச்சத்துல ஒண்ணு எடுத்து அனுப்பு’ என்று கேட்பதுதான் நேர்மை. ஜரிகையின் நெருக்கத்தையோ துணியின் தரத்தையோ பார்க்க வேண்டுமென்றால், அனுப்பும்போது மேலே தெரியும் HD என்பதைத் தொடச் சொல்ல வேண்டும். இந்த வசதி வாட்ஸ்அப்பில் 2023 ஆகஸ்டில் வந்தது. அதைத் தொடாமல் அனுப்பும் படம் சுருக்கப்பட்டு, மெல்லிய சரிகைக் கோடுகள் ஒரே பூச்சாகக் குழம்பிப் போகும்.

ஒரு மாலை, இரண்டு படங்கள்

என் தங்கை மதுரையில் இருக்கிறாள். உறவில் ஒரு நிச்சயதார்த்தம். மாலை ஏழு மணிக்கு. ஐந்து மணி சுமாருக்கு அவளிடமிருந்து இரண்டு படங்கள் வந்தன, வார்த்தை இல்லை. முதல் படம் பீரோ கண்ணாடியில் எடுத்தது. மயில் கழுத்துப் பட்டு, அரக்கு பார்டர். முகத்தைப் போன் பாதி மறைத்திருந்தது. நெற்றியில் பொட்டில்லை, காலில் வீட்டுச் செருப்பு. இரண்டாவது படத்தில் ஒரு பக்கமாகத் திரும்பி, இடது முழங்கையைச் சற்றுத் தூக்கியிருந்தாள்.

பாராட்டுக்கான படமாக இருந்தால் பொட்டு வைத்த பிறகு வந்திருக்கும். புகைப்படத்தைப் பற்றியது என்றால் அந்த டியூப்லைட்டையும் பின்னால் தொங்கும் துண்டையும் அவள் விட்டுவைத்திருக்க மாட்டாள். கேள்வி உடையைப் பற்றியது. கிளம்ப இன்னும் நேரமும் இருந்தது. ஆனால் உடையில் எதைப் பற்றி? புடவைதான் சந்தேகம் என்றால் முதல் படமே போதும். பக்கவாட்டில் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டுபவளுக்குச் சந்தேகம் பிளவுஸில்தான் இருக்க வேண்டும்.

‘மயில் கழுத்து உனக்கு எடுப்பா இருக்குடி. எத்தனை மணிக்குக் கிளம்பறே? கைப் பக்கம் பாக்கணுமா?’ என்று அனுப்பினேன்.

‘ஆறரைக்கு. ஆமாக்கா, தலை தீபாவளிக்குத் தைச்ச பிளவுஸ். கை பிடிச்சிருக்கிற மாதிரி தெரியுதா?’

இறுக்கத்தைப் படத்தில் கண்டுபிடிக்கச் சில இடங்கள் உண்டு. அக்குளிலிருந்து மார்புப் பக்கம் விசிறிபோல் ஓடும் சுருக்கம், கையின் விளிம்பு சதையில் பதிந்து அதற்குக் கீழே ஒரு புடைப்பு, கொக்கிகளுக்கு நடுவே திறக்கும் இடைவெளி. கொக்கிப் பக்கம் முந்தி மூடியிருந்தது. மார்பில் சுருக்கம் இல்லை. கை விளிம்பில் மட்டும் பதிவு தெரிந்தது. அதாவது உடம்புப் பாகம் சரி, கை மட்டும் இறுக்கம்.

நம் ஊர்த் தையல்காரர்கள் பிளவுஸின் பக்கத் தையலிலும் கைத் தையலிலும் ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாகத் தையல் ஓட்டி, உள்ளே துணியும் விட்டிருப்பார்கள். உடம்பு பூசினால் உள் வரியைப் பிரித்துக்கொள்ளலாம். வரிகளுக்கு நடுவே கால் அங்குலம் இருந்தால், ஒரு வரி பிரிப்பதில் சுற்றளவில் அரை அங்குலம் கிடைக்கும். ‘கை மட்டும்தான் பிடிக்குது. கழட்டி உள்பக்கம் திருப்பிப் பாரு, எத்தனை தையல் இருக்கு?’ என்று கேட்டேன். மூன்று இருந்தன. கைப்பகுதியில் மட்டும் உள் வரியைப் பிளேடால் பிரித்தாள். அக்குளுக்குக் கீழே தொடவில்லை. அங்கே பிரித்தால் நன்றாக இருந்த உடம்புப் பாகமும் தளர்ந்திருக்கும். பழைய ஊசித் துளைகள் துணியில் தெரிவது பட்டு பிளவுஸில் உண்டு, ஆனால் அவை கையின் உள்பக்கம் வருவதால் யார் கண்ணிலும் படாது.

படத்தில் பிளவுஸ் காப்பிப் பொடி நிறத்தில் தெரிந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை; பின்னால் இருந்த சுவர் பச்சை பாய்ந்திருந்தது. பிளவுஸைத் திரும்பப் போட்டுக்கொண்டு பால்கனிக் கதவருகே நின்று அவள் அனுப்பிய மூன்றாவது படத்தில், பிளவுஸும் பார்டரும் ஒரே அரக்கு. பொட்டும் வைத்திருந்தாள். இந்த முறை போன் அவள் பையன் கையில் இருந்தது. அவன் உயரத்துக்கு அது அவள் இடுப்பளவில் வந்து, ஏழெட்டு அடி தள்ளி நின்று எடுத்ததால் அளவெல்லாம் உள்ளபடி விழுந்திருந்தது. இந்தப் படம் வேறு வகை. இதற்குப் பாராட்டைத் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது. ‘அம்மா பாத்தா சந்தோஷப்படுவாங்க’ என்று எழுதினேன்.

தெரியாத கேள்விக்கு முதல் வரியில் என்ன எழுதுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: படத்தில் உங்கள் கண்ணில் பட்ட, உங்களுக்குப் பிடித்த ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், கூடவே நேரத்தைக் கேளுங்கள். ‘சூப்பர்’ என்ற சொல்லில், நீங்கள் பார்த்தீர்கள் என்பதற்கு ஆதாரமில்லை. ‘அந்த அரக்கு பார்டர் நல்லா எழும்பித் தெரியுது’ என்றால் பார்த்தது தெரிகிறது. ‘கிளம்பிட்டியா?’ என்ற கேள்விக்கு ‘வந்தாச்சு’ என்று பதில் வந்தால் பாராட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ‘இல்ல, இன்னும் முடிவு பண்ணல’ என்று வந்தால், அனுமதி கிடைத்துவிட்டது.

எந்தப் படத்துக்கும், எந்த நேரத்திலும் எழுதக் கூடாத பதில் ஒன்றும் இருக்கிறது. ‘கலர் கம்மியா தெரியுற’, ‘கறுத்துப் போயிட்டியே’. இதைச் சொல்பவர்கள் கேமராக் குறையைச் சொல்வதாகத்தான் நினைக்கிறார்கள். கேட்பவரோ அதைத் தன் தோலின்மேல் வாங்கிக்கொள்கிறார். நம் ஊரில் ஒரு பெண் அதை வேறு எப்படி வாங்கிக்கொள்ள முடியும்? போன் கேமரா சட்டத்துக்குள் இருக்கும் மொத்த வெளிச்சத்தையும் ஒரு நடுத்தர அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. பின்னால் ஜன்னலோ வெள்ளைச் சுவரோ இருந்தால், அந்த வெளுப்பைக் குறைக்கும்போது முகமும் சேர்ந்து இருள்கிறது. திரையில் முகத்தைத் தொட்டால் கேமரா முகத்துக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளும்; ஜன்னலைப் பார்த்து நின்றால் அதுவும் தேவையில்லை. சொல்ல வேண்டுமென்றால் ‘ஜன்னல் பின்னாடி வந்துருச்சு, அதைப் பாத்து நின்னு எடு, கண்ணு நல்லாத் தெரியும்’ என்று சொல்லலாம். குறை ஜன்னலோடு நின்றுவிடும். பல போன்களில் முகத்தை வெளுப்பாக்கும் அழகு வசதி, வாங்கும்போதே இயக்கத்தில் இருக்கிறது. அதில் வந்த படத்தைப் பார்த்து ‘என்ன இவ்வளவு கலர் ஆயிட்டே!’ என்று மகிழ்வதும் அதே காயத்தை மறுபக்கத்திலிருந்து போடுவதுதான்.

இந்த மூன்று வகையிலும் சேராத படங்களும் வருகின்றன. ஆண்கள் அனுப்பும் படங்கள் பெரும்பாலும் இந்த வகை. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் கணவர், விடுமுறை நாளில் குளித்துவிட்டுப் புதுச் சட்டையில் ஒரு செல்ஃபி அனுப்புகிறார். வெளிச்சம் சரியில்லை, கோணம் கீழிருந்து, மோவாய் பெரிதாக விழுந்திருக்கிறது. சட்டையைப் பற்றியோ படத்தைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை. இங்கே இருக்கிறேன், உடம்பு நன்றாக இருக்கிறது, பார்த்துக்கொள் என்கிறார். அந்தப் படத்துக்கு வீட்டிலிருந்து போகும் ‘சாப்ட்டீங்களா? கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கு’ என்ற பதிலைத் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. அதன்பின் இங்கிருந்தும் ஒரு படம் போக வேண்டும், பிள்ளைகளோடு.

வயதுக்கு வந்த மகளோ மகனோ அனுப்பும் படத்தில் பெற்றோர் அவசரப்படுகிறார்கள். விடுதியிலிருந்து வரும் படத்தில் உடையின் நீளம்தான் முதலில் கண்ணில் படுகிறது. அந்த வயதில் அம்மாவுக்கு ஒரு படத்தை அனுப்புவதே பெரிய நெருக்கம். இரண்டு முறை திருத்தம் கிடைத்தால் மூன்றாவது படம் தோழிகளுக்கு மட்டும் போகும். அலுவலகத் தோழரின் படம் என்றால் நெருக்கம் வேறு. அங்கே உடல் அமைப்பைத் தொடாமல் உடையையோ நிகழ்ச்சியையோ குறித்து ஒரு வரி எழுதி நிறுத்திக்கொள்வது இருவருக்கும் நல்லது.

பதில் தாமதமானால் சிலர் படத்தை அழித்துவிடுவார்கள். This message was deleted என்ற வரி மட்டும் கிடக்கும். நீல டிக் விழுந்து, பதில் வராமல் போன அந்தப் பத்து நிமிடத்தில், அனுப்பியவர் தன் படத்தை நம் கண்ணால் மறுபடி பார்த்து அதில் குறை கண்டுபிடித்திருப்பார். படத்தை முன்பே பார்த்திருந்தால் அதைச் சொல்லிவிடலாம்: ‘சமையல்ல இருந்தேன், இப்பதான் உக்காந்தேன். அந்த ஊதா சுடிதாரைப் பாத்தேன், எதுக்கு எடுத்தே? மறுபடி அனுப்பு.’ பார்க்கவில்லை என்றால், பார்க்கவில்லை என்று சொல்லிக் கேட்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாம் முறை அனுப்பும்போது அவர்களே ஒரு வரி எழுதிவிடுகிறார்கள்: ‘நாளைக்கு இன்டர்வியூ, இது ஓகேவா?’